விலையை விடாமல் வேலையைக் குறைத்துக் காட்டுவது எப்படி?

கேள்வி: ஹட்டனில் இருந்து வெப்சைட், போட்டோ வேலை செய்கிறேன். எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு 240,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்தேன். முதலாளி "140,000தான் தரலாம்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது, எப்படித் திருத்தலாம்?

*"சேர், நீங்கள் சொல்லும் தொகை மிகவும் குறைவு. கெமரா, லெப்டொப், போக்குவரத்துச் செலவு எல்லாம் போனால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. இருந்தாலும் உங்களுக்காக 200,000க்குச் செய்து தருகிறேன். தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள்."*

பதில்: இதை இப்படியே அனுப்ப வேண்டாம். பெரிய சிக்கல் அந்த 200,000தான். வேலையில் ஒன்றும் குறையவில்லை, விலை மட்டும் நாற்பதாயிரம் இறங்கிவிட்டது. முதலில் சொன்ன தொகையில் நாற்பதாயிரம் சும்மா ஏற்றி வைத்தது என்றுதான் எந்த முதலாளியும் நினைப்பார். அடுத்த மெசேஜில் 170,000 என்று கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை, வழியைத் திறந்துவிட்டது நாம்தானே. கெமரா, லெப்டொப் கதையையும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் வீட்டுக் கணக்கு. அவர் பார்ப்பது தன் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதை.

விலை குறைய வேண்டுமென்றால் வேலையும் கூடவே குறைய வேண்டும். அதை எழுதுவதற்கு முன் உங்கள் 240,000ஐப் பிரித்துப் பாருங்கள். நான் ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்து, திருத்திய 40 படங்கள் கொடுப்பதற்கு 70,000. ஆறு பக்க வெப்சைட்டுக்கு 110,000. பக்கங்களுக்கான ஆங்கில விபரங்களை எழுதுவதற்கு 35,000. கூகுள் மேப்பில் இடத்தைப் பதிந்து, வட்ஸ்அப் விசாரணை பட்டனையும் சரிபண்ணிக் கொடுப்பதற்கு 25,000.

பிரித்ததும் ஒரு விஷயம் தெரியவரும். படங்களைப் பாதியாக்கினால் படச் செலவு பாதியாகாது. 40 படம் எடுத்தாலும் 15 படம் எடுத்தாலும் ஹட்டனில் இருந்து எல்லவுக்குப் போய் வரத்தான் வேண்டும். மலைப்பக்கக் காட்சி காலையில் பனிமூட்டம் விலகும் நேரத்தில் வேண்டுமென்றால் முதல் நாளே போய்த் தங்கவும் வேண்டும். ஆகவே அரை நாள் வேலைக்கு 35,000 அல்ல, 50,000 போடுங்கள். "பாதிப் படத்துக்குப் பாதி விலைதானே?" என்று அவர் கேட்டால் இதையே சொல்லுங்கள், பயணமும் தங்கலும் குறைவதில்லை என்று.

இனி நீங்கள் அனுப்பக்கூடிய பதில்:

*"சேர், வணக்கம். உங்கள் பட்ஜெட்டைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. கொட்டேஷனில் உள்ள முழு வேலைக்கும் விலை 240,000தான். பட்ஜெட்டுக்குக் கிட்டக் கொண்டுவர வேலையைக் குறைத்துச் செய்யலாம். மூன்று விதம் இருக்கிறது:*

*1. முழு வேலை, 240,000. ஆறு பக்கம், 40 படம், ஆங்கில விபரங்கள், கூகுள் மேப் பதிவும் வட்ஸ்அப் பட்டனும். மழையால் படம் எடுக்க முடியாமல் போனால் இன்னொரு நாள் வருவதும் இதில் அடங்கும்.*

*2. ஆறு பக்கமும் 40 படமும், 180,000. விபரங்களை நீங்கள் எழுதித் தருவீர்கள், மேப் பதிவையும் பட்டனையும் உங்கள் பக்கம் பார்த்துக்கொள்வீர்கள். விபரங்கள் 12ஆம் திகதிக்குள் கிடைக்க வேண்டும். பிந்தினால் முடிக்கும் திகதியும் அத்தனை நாள் பிந்தும்.*

*3. ஒரே நீளப் பக்கம், அரை நாளில் எடுத்த 15 படம், அதற்கான விபரங்கள், மேப் பதிவும் பட்டனும், 148,000. பக்கங்களைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், அதற்கு அப்போது தனி விலை.*

*2க்கும் 3க்கும் மழையால் இன்னொரு நாள் வர வேண்டி வந்தால் போக்குவரத்தும் தங்கலும் மட்டும் தனி. எது உங்களுக்குச் சரிவரும் என்று சொன்னால் வரும் திங்கட்கிழமை தொடங்கலாம்."*

மூன்றாவதை ஏன் 140,000க்கே கொண்டுவரவில்லை என்று கேட்பீர்கள். அரை நாள் படத்துக்கு 50,000, ஒரே நீளப் பக்கத்துக்கு 58,000, அதன் விபரங்களுக்கு 15,000, மேப் பதிவுக்கும் பட்டனுக்கும் 25,000 என்று கூட்டினால் வருவது 148,000. அவர் சொன்ன எண்ணுக்கே அச்சொட்டாக வந்து நின்றால், அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்று பட்டுவிடும். கொஞ்சம் மேலே நிற்கட்டும். கூட்டிக் காட்டச் சொன்னால் காட்டவும் முடியும்.

மூன்றிலும் படம் இருப்பதைப் பாருங்கள். அதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். படத்தை எடுத்துவிட்டால் விலை சுலபமாக இறங்கும்தான். ஆனால் எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரர் அறையையும் ஜன்னல் காட்சியையும் பார்த்துத்தான் புக் பண்ணுகிறார். போனில் எடுத்த மங்கல் படத்தோடு வெப்சைட் போனால் விசாரணை வராது, அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும். குறைத்தால் வேலையே கெட்டுப்போகும் பகுதியைத் தெரிவாக வைக்கவே கூடாது. பக்கங்களின் எண்ணிக்கை, எழுத்து வேலை, மேப் பதிவு மாதிரி, இல்லையென்றால் இல்லை என்று அவருக்கே கண்ணுக்குத் தெரிவதைத்தான் குறைக்க வேண்டும்.

மழை வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, எல்ல பக்கமோ வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஊவா. இங்கே வெயில் என்று புறப்பட்டுப் போய் அங்கே மூடிக்கிடக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். அந்த இரண்டாவது பயணத்தின் காசு யாருடையது என்று எழுதி வைக்காவிட்டால் அது உங்களுடையதுதான்.

இரண்டாவது தெரிவில் திகதி போட்டதும் அதே மாதிரிக் காரணம். "விபரம் நான் தருகிறேன் தம்பி" என்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். பிறகு கெஸ்ட் ஹவுஸ் வேலையில் அது மறந்துபோகும், வேலை இழுபட்டு மீதிக் காசும் இழுபடும்.

பதில் வந்ததும் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். "மூன்றாவதில் சாப்பாட்டு மெனுவையும் போட முடியுமா?" என்று கேட்டால் கையில் உண்மையிலேயே அவ்வளவுதான் இருக்கிறது, சின்னச் சேர்க்கைக்கு ஒரு விலை சொல்லிப் பேசி முடிக்கலாம். "முதலாவதை 180க்குத் தாங்களேன்" என்று கேட்டால் அது பேரம். அப்போது புது எண் எதுவும் சொல்லாதீர்கள்: "180,000க்கு இரண்டாவதுதான் சேர் வரும். விபரங்களை நான் எழுத வேண்டுமென்றால் 35,000 கூடும்." இவ்வளவு போதும்.

விட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும் என்று பட்டால், பணம் தரும் விதத்தில் கொடுங்கள். தொடங்க முன் பாதி, முடிந்ததும் பாதி என்பதை மூன்று தவணையாக்கலாம். சீசன் தொடங்க முன் கையில் காசு இறுக்கமாக இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அது பெரிய உதவி, உங்கள் விலையிலும் ஒரு சதம் குறையாது. முதல் தவணை மட்டும் படம் எடுக்கப் போகும் முன் கைக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றும் வேண்டாம் என்றால் "பரவாயில்லை சேர், இந்த விலைகள் 30ஆம் திகதி வரை அப்படியே இருக்கும்" என்று எழுதி விட்டுவிடுங்கள். அந்தத் திகதிக்குள் நீங்களாக இன்னொரு மெசேஜ் போட வேண்டாம்.