காலாவதி என்றால் புத்தகமா, அட்டையா?

கேள்வி: மகளோடு சிங்கப்பூரில் இருந்தபோது எடுத்த நூலக அட்டையை வைத்து, இப்போது கொக்குவிலில் இருந்து போனில் வாசிக்கிறேன். ஆப் தமிழில்தான் இருக்கிறது. “3 நாட்களில் காலாவதியாகிறது” என்று வந்தது. அட்டைதான் முடியப்போகிறதாக்கும் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு இரவு பத்து மணிக்குத் திறந்தால் பாதி வாசித்த நாவலைக் காணவில்லை. தண்டப்பணம் வருமா?

பதில்: வராது, பயப்படாதீர்கள் அம்மா. மின்நூல் கெடு முடிந்ததும் தானாகவே நூலகத்துக்குத் திரும்பிவிடும். பிந்துவதற்கே வழியில்லாததால் தண்டமும் இல்லை.

அந்த அறிவிப்பு அட்டையைப் பற்றியதல்ல. நூலின் அட்டைப்படத்தோடு சேர்ந்து வந்தால் அது அந்த நூலின் இரவல் கெடு. “காலாவதி” என்ற சொல் மருந்துப் போத்தலைத்தான் நினைப்பூட்டும், குழப்பம் உங்கள் பிழையில்லை. “திருப்பித் தரும் நாள்” என்று போட்டிருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும்.

நாளைவிட நேரம் முக்கியம். பலரும் பாவிக்கும் Libby ஆப்பில், நூலை எடுத்த அதே மணிக்குத்தான் கெடு முடியும். 14 நாள் இரவலாக ஞாயிறு இரவு 8:40க்கு எடுத்திருந்தால், இரண்டு கிழமை கழித்து ஞாயிறு இரவு 8:40க்குப் போய்விடும், நள்ளிரவு வரை நிற்காது. உங்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்.

புதுப்பிக்கும் வசதி அதில் கடைசி 3 நாட்களில்தான் திறக்கும். முதல் கிழமையிலேயே தேடினால் கிடைக்காது. ஆகவே அந்த அறிவிப்பு வந்த கையோடு இரவல் பட்டியலுக்குப் போய், அந்த நூலின் விவரத்தைத் திறந்து புதுப்பியுங்கள். அப்புறம் புதுத் திகதி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். திகதி மாறாமல், காத்திருப்பு வரிசையில் சேர்த்ததாகக் காட்டினால் உங்களுக்கு முன்னே வேறு யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலான மின்நூல்களைப் பதிப்பகங்கள் ஒரு பிரதி, ஒரு வாசகர் என்றுதான் நூலகத்துக்கு விற்கின்றன. ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கும்வரை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அப்படியானால் மிச்ச நாளில் வாசித்து முடிக்கப் பாருங்கள்.

இப்போது அந்த நாவலைத் தேடி மறுபடி எடுங்கள். யாரோ எடுத்திருந்தால் வரிசையில் சேருங்கள். முறை வந்ததாக அறிவித்தபின் 3 நாளுக்குள் எடுக்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போகும், எனவே போனில் அந்த ஆப்பின் அறிவிப்புகளை நிறுத்தி வைக்காதீர்கள். நூல் திரும்பக் கிடைத்ததும் விட்ட பக்கத்திலேயே திறக்கும், நீங்கள் வைத்த குறிப்புகளும் இருக்கும்.

வரிசை நீளமென்றால் அதுவரை noolaham.org பக்கம் போங்கள். நம் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாக இருக்கின்றன, அங்கே கெடு என்ற பேச்சே இல்லை.