அவருக்கு வரும் படபடப்பு நடிப்பா?

அம்மாவுக்கு வணக்கம். ஊர் தங்கச்சிமடம் பக்கம், பேர் வேண்டாம். ரெண்டு பிள்ளைக. நான் நண்டு கம்பெனியில சதை எடுக்கிற வேலைக்குப் போறேன். எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல டிரைவர். என் பிரச்சினை ஒண்ணே ஒண்ணுதான். அவர் பேச மாட்டேங்கிறார்.

இப்பத் தடைக்காலம், வீட்டுலதான் இருக்கார். இருந்தும் பேச்சில்லை. குழுவுல என் பேர்ல எடுத்த கடன் 20,000 ரூபாயை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கொழுந்தனோட படகு வேலைக்குக் குடுத்துட்டார். எனக்கு அது ஓரகத்தி வாயாலதான் தெரிஞ்சது. தவணை கட்டுறது நான், குழுக் கூட்டத்துல தலை குனியிறது நான். அன்னிக்கு அவர் வாசல்ல கால் வச்சதுமே கேட்டேன், "உங்களுக்குக் குடும்பம்னு ஒரு நெனப்பு என்னைக்காச்சும் இருந்திருக்கா?"ன்னு. "நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்? உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் குடுக்கலையா?"ன்னு திருப்பிக் கேக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துல அவர் பேசுற மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினேன். "படகுலதான் டிரைவர், வீட்டுல வெறும் மரக்கட்டை"ன்னேன். பிள்ளைககூடச் சிரிச்சிருச்சுக. உடனே சுவத்தப் பாத்துத் திரும்பிட்டார். எப்பவும் இப்படித்தான். "விடு, படபடன்னு வருது"ன்னு என் கையப் பிடிச்சு அவர் நெஞ்சுல வச்சார், இந்த நடிப்பெல்லாம் வேண்டாம்னு உதறிட்டேன், அது கிடக்கட்டும். செருப்புகூடப் போடாமப் போயி படகுலயே படுத்துக்கிட்டார். ரெண்டு நாளாப் பேச்சில்லை.

அவர் குடிக்க மாட்டார், கை நீட்டினதில்லை. அதையும் சொல்லணும். ஆனா பேச மாட்டார். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிற மாதிரி இருக்கு. அவர் வாயைத் திறக்க வைக்க என்ன வழி?

* * *

அன்புச் சகோதரிக்கு,

பணத்துக்குப் பிறகு வருகிறேன். "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன வரியை என்னால் தாண்ட முடியவில்லை. பேசவே மாட்டார் என்று நீங்கள் சொல்லும் மனிதர் அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்திருக்கிறார். தனக்குள் என்ன நடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கணவரும் சொல்லிவிட முடியாது.

அது நடிப்பில்லை என்று என்னால் உறுதியாகவே சொல்ல முடியும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், கணவன் மனைவி சண்டை போடுவதையே ஆராய்ச்சியாகச் செய்தவர். தம்பதியை எதிரெதிரே உட்கார வைத்து, உடம்பில் நாடித்துடிப்பு பார்க்கும் கருவிகளைப் பொருத்தி, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்வார். வாயடைத்து முகம் திருப்பிக்கொண்டவர்கள் வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கருவியோ அவர்களுடைய இதயம் தாறுமாறாக அடிப்பதைக் காட்டியது. நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், ஆனால் மண்டையில் ஏறாது. பதில் யோசிக்க வராது, விட்டுக்கொடுக்கவும் தோன்றாது. தப்பித்து ஓடு, இல்லையென்றால் அடி என்று மட்டுமே உடம்பு சொல்லும். வலை இழுத்துப் பழகிய உடம்புக்கு இயல்பான துடிப்பே குறைவாக இருக்கும் என்பதால் 80-லேயே இந்த நிலை வந்துவிடலாம். காட்மன் பார்த்த தம்பதிகளில் இப்படிச் சுவராக மாறியவர்களில் 85 சதவீதம் பேர் ஆண்கள். அடிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆணுக்கு அந்த நேரத்தில் தெரிந்த ஒரே வழி வெளியே போவது. உங்கள் வீட்டுக்காரர் அதைத்தான் செய்திருக்கிறார்.

இதை எப்படி ஆற்றுவது என்பதற்கும் அந்த ஆய்வகத்தில் ஒரு சோதனை நடந்தது. சண்டை நடுவில் இருக்கும்போது, "கருவியைச் சரி செய்ய வேண்டும், அதுவரை அந்த விஷயத்தைப் பேசாமல் இந்தப் பத்திரிகைகளைப் படியுங்கள்" என்று சொல்லி அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு பேசச் சொன்னபோது நாடி இறங்கியிருந்தது, அதே ஆட்கள் அதே விஷயத்தை நிதானமாகப் பேசினார்கள். அவர்களுக்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை, உடம்பு அடங்க நேரம் மட்டும் கிடைத்தது. குறைந்தது இருபது நிமிடமாவது அதற்குத் தேவை. சூடேறிய இன்ஜினை அணைத்த கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய நெஞ்சுக்கும் அதே நியாயம்தான்.

இப்போது அவர் பக்கத்துத் தவறையும் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் உடம்பின் வேலை. அதற்கு மேல் நீண்ட இரண்டு நாள் அவர் எடுத்த முடிவு. எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லாமல் போவது, வந்த பிறகும் விஷயத்தைத் தொடாமல் இருப்பது, இரண்டும் உங்களைத் தண்டிப்பதாகவே முடியும். ஒதுங்கிப் போகிறவருக்குத் திரும்பி வந்து பேசும் கடமை உண்டு. படகில் படுத்துக்கொண்டு "அவ எப்படி அப்படிச் சொல்லலாம்" என்றே அசைபோட்டுக் கொண்டிருந்தால் நாடி இறங்கவும் இறங்காது. அந்த நேரத்தில் வலை பின்னலாம், கரையோரம் நடக்கலாம், மனதை வேறு எதிலாவது வைக்க வேண்டும்.

ஆனால் அவர் நெஞ்சு அப்படி அடித்ததற்கு முன்னால் அந்த வாசலில் என்ன நடந்தது என்பதை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைக் காட்மன் பிரித்துச் சொன்னார். பைபிளின் கடைசிப் புத்தகத்தை வைத்து அவற்றுக்கு நான்கு குதிரைவீரர்கள் என்று பெயரும் வைத்தார். குற்றம் சாட்டுவது, இளக்காரம், தற்காப்பு, முகம் திருப்பிச் சுவராவது. உங்கள் வீட்டில் அன்றைக்கு நான்கும் வந்துவிட்டன.

கேட்காமல் பணம் கொடுத்தது ஒரு செயல். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நீங்கள் கேட்டதோ அவருக்குக் குடும்ப நினைப்பு உண்டா என்று. செயலைக் கேட்டால் பதில் சொல்லலாம். ஆளையே கேட்டால் என்ன பதில் சொல்வது? அதனால் அவர் உங்கள் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை இழுத்தார். அது தற்காப்பு. "ஆமாம், உன்னைக் கேட்டிருக்கணும்" என்ற ஒரே வரியில் பாதிச் சண்டையை அவர் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை, அது அவர் குறை.

அடுத்து நீங்கள் செய்ததை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, சகோதரி. அவர் பேச்சை இழுத்துக் காட்டியது இளக்காரம். நான்கிலும் கொடியது அதுதான். மணமுறிவை எது மிக அதிகமாக முன்கூட்டியே காட்டுகிறது என்று பார்த்தபோது காட்மனின் ஆய்வில் முதலில் நின்றது இளக்காரம். கோபத்தில் கத்தும்போதுகூட எதிரில் இருப்பவரைச் சமமாக நினைத்துத்தான் கத்துகிறோம். இளக்காரம் அவரைக் கீழே தள்ளி, மேலே நின்று பார்க்கிறது. அதுவும் பிள்ளைகள் முன்னால். அவர்கள் சிரித்ததை நீங்கள் உங்களுக்குக் கிடைத்த சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவை எப்படி நடத்தலாம் என்று அவர்கள் அங்கே படித்துக்கொண்டதாகத்தான் நான் பார்க்கிறேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பியது அந்தச் சிரிப்புக்குப் பிறகு. "எப்பவும் இப்படித்தான்" என்பதற்கு முன்னால் இந்த வரிசையையும் பாருங்கள்.

அப்படித் திரும்பிய மனிதர்தான் உங்கள் கையைத் தேடினார். சண்டை கைமீறிப் போகும்போது அதை நிறுத்த யாராவது ஒருவர் செய்யும் சின்ன முயற்சியைத்தான் நாங்கள் சமாதான முயற்சி என்கிறோம். நிலைத்து வாழும் தம்பதிகளும் சண்டை போடுகிறார்கள், குத்திப் பேசியும் விடுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் இந்த முயற்சி எடுபடுகிறது. இது அழகாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "விடு" என்று எரிச்சலாகவே வரும், சம்பந்தமில்லாமல் "டீ போடவா?" என்று வரும், அசட்டுச் சிரிப்பாக வரும். யார் நீட்டினார் என்பதைவிட எதிரில் இருப்பவர் வாங்கிக்கொண்டாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் வாயைத் திறக்க வழி கேட்கிறீர்கள். அவர் திறந்தார், நீங்கள் உதறிவிட்டீர்கள்.

அதே இரவை வேறு விதமாகப் பாருங்கள். வாசலில் கால் வைத்ததுமே வேண்டாம். அவர் கை கால் கழுவி, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, "குழுக் கடனைக் கொழுந்தனுக்குக் குடுத்ததை ஓரகத்தி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு அவமானமாப் போச்சு. என் பேர்ல இருக்கிற பணத்தைத் தொடுறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க" என்கிறீர்கள். நடந்தது என்ன, உங்களுக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும், மூன்றும் இதில் இருக்கின்றன. அவர் யார் என்ற தீர்ப்பு இல்லை. ஒரு பேச்சு எப்படி முடியும் என்பதை அதன் முதல் மூன்று நிமிடமே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். இப்படித் தொடங்கினாலும் அவர் தற்காப்பில் இறங்கலாம், மறுபடி நெஞ்சு படபடக்கலாம். அப்போது கையை நெஞ்சிலேயே வைத்திருந்து, "சரி, போயிட்டு வாங்க. ஒன்பது மணிக்குப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். நேரம் குறிப்பது முக்கியம். குறித்த நேரத்துக்கு அவர் வந்தே ஆக வேண்டும் என்பதையும் சண்டை இல்லாத நாளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "அன்னிக்குக் கையை உதறினது தப்பு. பிள்ளைக முன்னாடி உங்களை மாதிரிப் பேசிக் காட்டினதும் தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனா நீங்க மட்டும்..." என்று தொடராமல் அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

படபடப்பு சண்டை இல்லாதபோதும் வந்தாலோ, நெஞ்சு வலி, வியர்வை, இடது கை வலி சேர்ந்து வந்தாலோ, அது என் துறை இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அவர் கை நீட்டியதில்லை என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் இவ்வளவும் சொன்னேன். அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அங்கே இருக்கும் பெண்கள் 181-க்குப் போன் செய்ய வேண்டும்.

இனி பணம். கொழுந்தனிடம் நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். கொடுத்தவர் உங்கள் வீட்டுக்காரர், கேட்க வேண்டியவரும் அவரே. அடுத்த தவணைத் தேதியையும் தொகையையும் எழுதி அவர் கையில் கொடுங்கள். தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது. படகு இறங்கியதும் கொழுந்தன் எவ்வளவு, எப்போது தருவார் என்பதை அவரே பேசி வந்து உங்களிடம் சொல்லட்டும். அதைச் சொல்ல அவர் உட்காரும்போது முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள்.