குமரிமுனைப் படம்: எடுத்த இடத்தைச் சரிபார்த்தல்

«கடலில் விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் தெரிகின்றன. திரிவேணி சங்கமத்தில் எடுத்தது என நினைக்கிறேன். வரைபடத்தில் எப்படிச் சரிபார்ப்பது?»

வணக்கம். வரைபடத்தைத் திறப்பதற்கு முன், இரண்டில் எது இடப்பக்கம் இருக்கிறது, ஒன்றை ஒன்று மறைக்கிறதா, இடையில் எவ்வளவு கடல் தெரிகிறது என்பதைப் படத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால், ஊகத்துக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும்.

அடுத்து, கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியில், சங்கமக் கரையில் வலச்சொடுக்கி Measure distance மூலம் சிலைக்கு ஒரு கோடு இழுங்கள். அது எங்கே செல்கிறது என்று குறித்துக்கொண்டு, அதே புள்ளியிலிருந்து விவேகானந்தர் பாறையிலுள்ள மண்டபத்துக்கும் இழுங்கள். சிலை இருக்கும் பாறை மண்டபத்துக்குத் தென்மேற்கே, கரைக்குச் சற்று அருகில் இருப்பதால், சங்கமத்திலிருந்து இரு கோடுகளும் ஏறத்தாழ ஒரே திசையில் செல்லும். படகுத்துறைப் பக்கமாக வடக்கே நகர நகர அவை விரியும், மண்டபம் இடப்பக்கமும் சிலை வலப்பக்கமும் நன்றாகப் பிரிந்து தெரியும். உங்கள் படத்தில் இடையே அகலமாகக் கடல் தெரிந்தால் சங்கமம் என்ற ஊகத்தைக் கைவிட்டு, புள்ளியை வடக்கே நகர்த்திப் பாருங்கள்.

உருவங்களின் அளவை நம்ப வேண்டாம்; லென்ஸ் அதை மாற்றிவிடும், ஆனால் வரிசையையும் மறைப்பையும் மாற்றாது. வரிசையே தலைகீழாக இருந்தால், படம் இடவலமாகத் திருப்பப்பட்டதா என்று பெயர்ப்பலகை எழுத்துகளைப் பாருங்கள்.

இரண்டு பாறைகளுக்கும் இடையிலான கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில்தான் திறக்கப்பட்டது. ஆகவே பழைய படத்தில் அது இல்லாதது உங்கள் ஊகத்துக்கு எதிரான சான்றாகாது.