புள்ளியா, டேஷா? வங்கி மெசேஜும் போலி லிங்க்கும்: கேள்வி பதில்

வங்கிக் கிளையில் 21 வருஷம் இருந்தேன். கடைசி ஆறு வருஷம் மோசடிப் புகார் வாங்கும் மேசை. அங்கே தினமும் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கோவில்பட்டி, மளிகைக் கடை: "அண்ணாச்சி, லிங்க்ல sbi.bank.in என்று தெளிவாவே இருக்கு. பையன் இதையும் போலிங்கிறான். எப்படி?"

உங்கள் பையன் சொன்னதுதான் சரி. நீங்கள் அனுப்பிய மெசேஜை அப்படியே போடுகிறேன். லிங்க்கை யாரும் தட்டிப் பார்க்க வேண்டாம்.

```
Dear Customer, your account will be blocked today.
Update PAN: https://sbi.bank.in.pan-update.top/login
```

வலை முகவரியை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், ஏமாறுவது அங்கேதான். `https://` என்பதைத் தாண்டுங்கள். அடுத்து வரும் முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். முதலில் `top`, அதற்கு முன் `pan-update`. இந்த இடத்தின் சொந்தக்காரர் `pan-update.top` என்ற பெயரை வாங்கியவர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு மாட்டிக்கொள்ளும் பலகை. அதில் `sbi.bank.in` என்று எழுத எந்த வங்கியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடித உறையை நினைத்துக்கொள்ளுங்கள். "மதுரை ரோடு, திருவள்ளூர்" என்று எழுதினால் தபால் மதுரைக்குப் போகாது. கடைசியில் இருக்கும் ஊர்தான் ஊர்.

இந்திய வங்கிகளுக்கு இப்போது இதில் ஒரு வசதி உண்டு. வங்கிகளெல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்தப் பெயரைப் பதிந்து தருவது ஐதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ரிசர்வ் வங்கியின் நிறுவனம் மட்டும்தான். வெறும் `.in` பெயரைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம், `.bank.in` பெயரை வாங்க முடியாது. அதனால் முதல் சாய்கோட்டுக்கு ஒட்டி இடப்பக்கம் `.bank.in` இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. உங்கள் மெசேஜில் அந்த இடத்தில் `.top` இருக்கிறது.

ஈரோடு: "அப்போ bank.in-ல முடிஞ்சா போதும்தானே?"

`bank`-க்கு முன்னால் இருப்பது புள்ளியா என்றும் பார்க்க வேண்டும். கீழே மூன்று இருக்கின்றன.

```
https://sbi.bank.in/
https://sbi-bank.in/
https://sbibank.in/
```

முதலாவது மட்டும்தான் வங்கிகளுக்கான வேலிக்குள் இருக்கிறது. இரண்டாவதில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் டேஷ். மூன்றாவதில் எதுவுமே இல்லை. அவை இரண்டும் சாதாரண `.in` பெயர்கள், வடிவத்தைக் காட்டத்தான் எழுதியிருக்கிறேன். போன் திரையில், பொடி எழுத்தில், "இன்றே கணக்கு முடங்கும்" என்ற பதற்றத்தில் அந்த ஒரு டேஷ் கண்ணில் படாது. என் மேசைக்கு வந்த ஒரு ஆசிரியை, படித்தவர், ஒரு எழுத்து விடாமல் பார்த்ததாகச் சொன்னார். உண்மையிலேயே பார்த்திருந்தார். எழுத்துகளைப் பார்த்தாரே தவிர, அவற்றுக்கு நடுவே இருந்த குறியைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணம்: "எங்கட வங்கிகளுக்கும் இது பொருந்துமோ?"

பொருந்தாது, `.bank.in` இந்திய ஏற்பாடு. வலமிருந்து படிக்கும் முறை மட்டும் எங்கும் ஒன்றுதான். உங்கள் வங்கியின் சரியான முகவரியைக் கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: "சார், பெர்சனல் லோன் இ.எம்.ஐ. தேதியை மாத்த முடியுமா?"

அதைக் கிளையில் கடன் பிரிவில் கேளுங்கள்.

சென்னை, மொத்த குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனியில் வேலை: "லிங்க்கை இவ்வளவு ஆராயவே வேண்டாம் சார். அனுப்பியவர் பெயரைப் பார்த்தாலே போதும். பதிவு செய்த ஹெடரில்தான் வங்கி மெசேஜ் வரும். 2024 அக்டோபரிலிருந்து பதிவு செய்யாத லிங்க் இருந்தால் நெட்வொர்க்கே தடுத்துவிடும்."

தம்பி சொல்வதில் பெரும்பகுதி உண்மை, அதை முதலில் எல்லோரும் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் வங்கி மெசேஜ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. அனுப்பியவர் இடத்தில் இப்படி இருக்கும்.

```
VM-SBIINB-S
```

முன்னால் உள்ள இரண்டு எழுத்தும் எந்த நெட்வொர்க், எந்த வட்டம் என்பதைக் குறிப்பவை. அவை மாறினால் பயப்பட வேண்டாம். நடுவில் உள்ளதுதான் வங்கி பதிந்த பெயர். கடைசி எழுத்து 2025 மே மாதத்திலிருந்து வருகிறது: பரிவர்த்தனைக்கு `T`, சேவைக்கு `S`, விளம்பரத்துக்கு `P`, அரசுக்கு `G`. ஒரு ஹெடர் யாருடையது என்று `smsheader.trai.gov.in` தளத்தில் தேடலாம்.

ஆக, பத்து இலக்க எண் என்றால் போலி. இதில் தம்பிக்கும் எனக்கும் பேதமில்லை. ஆனால் ஹெடர் சரியாக இருந்தால் அசல் என்று திருப்பிப் போட முடியாது. போலி கோபுரம் என்று ஒரு கருவி இருக்கிறது, காரில் வைத்துக்கொண்டு போகலாம். பக்கத்தில் இருக்கும் போன்களை 2ஜி-க்கு இழுத்து நேரடியாக மெசேஜைத் தள்ளும். 2ஜி-யில் கோபுரம் அசலா என்று போன் சரிபார்ப்பதில்லை. அந்த மெசேஜ் எந்த நெட்வொர்க் வழியாகவும் வராததால், நீங்கள் சொல்லும் தடுப்பும் அதைப் பார்க்காது. அனுப்பியவர் பெயரில் எதை வேண்டுமானாலும் போடலாம். போன் என்ன செய்கிறது? பெயர் ஒன்றாக இருப்பதால், உங்கள் வங்கியின் பழைய அசல் மெசேஜ்களுக்குக் கீழேயே அடுக்கிவிடுகிறது.

அதே சென்னைக்காரர்: "அதெல்லாம் வெளிநாட்டுல நடக்கிறது சார். இங்கே லட்சத்துல ஒண்ணு. சாதாரண ஜனங்களைப் பயமுறுத்துறீங்க."

அரிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கோபுரத்தை விடுங்கள், உங்கள் துறைக்குள்ளேயே வருகிறேன். சில டெலிமார்க்கெட்டர்கள் மற்றவர்களின் ஹெடரையும் பதிந்த வாசகத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றுதானே 2023 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டு, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கச் சொன்னது? பிறகு கட்டுப்பாடு இறுகியது, நல்லது. ஆனால் மனிதர்கள் கையில் இருக்கும் சாவி அது. சாவியை நம்பி நான் யாருடைய சேமிப்பையும் பணயம் வைக்க மாட்டேன். ஹெடர் தவறென்றால் மெசேஜை அழியுங்கள், சரியென்றால் அதற்குப் பிறகும் லிங்க்கைப் படியுங்கள்.

சென்னைக்காரர்: "2023-க்குப் பிறகு நிலைமை மாறிடுச்சு சார். நான் தினமும் அந்தத் திரையிலதான் உட்கார்ந்திருக்கேன். உங்க பயம் பழசு."

இருக்கலாம் தம்பி. நீங்கள் அனுப்புகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் ஏமாந்தவர்கள் வந்து அழுத பக்கம் உட்கார்ந்திருந்தேன். நமக்குள் இது இன்று தீராது.

நாகர்கோவில்: "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல என் கேஸ். ஹெடர் சரி, கடைசியில S இருக்கு, பழைய மெசேஜுக்குக் கீழேயே வந்திருக்கு. ஆனா லிங்க் சின்னதா, bank.in இல்லாம இருக்கு. கிரெடிட் கார்டு பாயின்ட் முடியப்போகுதாம். அசலா போலியா அண்ணே?"

அக்கா, இதை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வங்கிகளும் சுருக்கிய லிங்க் அனுப்பியிருக்கின்றன, அது அவர்கள் மக்களுக்குச் செய்த கெடுதல் என்றே நினைக்கிறேன். சுருக்கிய லிங்க்கில் கடைசி முகவரி மறைந்துவிடுவதால், நான் சொன்ன வலமிருந்து படிக்கும் முறை அங்கே செல்லாது. அந்த லிங்க்கை விட்டுவிட்டு, வங்கியின் ஆப்பை நீங்களாகத் திறந்து பாயின்ட் எவ்வளவு இருக்கிறது, எப்போது முடிகிறது என்று பாருங்கள். மெசேஜில் போன் எண் இருந்தால் அதைக் கூப்பிடாதீர்கள். கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர்: "அப்பா நேத்து ராத்திரி லிங்க்ல கார்டு நம்பர், ஓ.டி.பி. எல்லாம் போட்டுட்டார். 48,000 போச்சு. காலையிலதான் சொன்னார்."

இதைப் படித்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பணம் போன கணக்கு, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் கிடந்தால், அங்கேயே நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது. மணி ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும். கூடவே கார்டின் பின்னால் உள்ள எண்ணில் கார்டை முடக்கி, புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். `cybercrime.gov.in`-லும் புகாரைப் பதியுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள், அனுப்பியவர் பெயரும் லிங்க்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அதனால்தான் புகார் நேரம் முக்கியம். அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டு வாங்குவோம் என்ற பயத்தில்தான் பலர் ராத்திரி முழுக்கச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

சேலம்: "10,000 கிரெடிட் ஆயிருக்குன்னு மெசேஜ். உடனே ஒருத்தர் போன் பண்ணி தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்கன்னு அழறார்."

மெசேஜ் என்பது பணமல்ல. ஆப்பில் இருப்பு ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் எண்ணைத் தடை செய்யுங்கள். ஏறியே இருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள், வங்கி வழியாகத் திருப்புங்கள்.

விருதுநகர்: "லிங்க்ல பூட்டு படம் இருந்தா பாதுகாப்புதானே?"

இல்லை. போகும் வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் பூட்டுக்கு அர்த்தம். வழியின் முடிவில் திருடன் இருந்தாலும் பூட்டு இருக்கும்.

ஓசூர்: "https-னு ஆரம்பிச்சா நம்பலாமா?"

மேலே விருதுநகருக்குச் சொன்னதேதான்.

மதுரை: "https://pan-update.top/sbi.bank.in/login இப்படி வந்தா? கடைசியில bank.in இருக்கே."

நல்ல கேள்வி. முதல் சாய்கோடு எங்கே? `top`-க்குப் பக்கத்தில். அதற்கு வலப்பக்கம் இருப்பது வெறும் அறை எண், அதைப் படிக்கவே வேண்டாம். அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் `@` குறி இருந்தால், அதற்கு இடப்பக்கம் உள்ளதையும் விட்டுவிடுங்கள்.

நாகர்கோவில்: "அண்ணே, ஆப்பில பார்த்தேன். பாயின்ட் நிஜமாவே இந்த மாசம் முடியுது. அப்போ மெசேஜ் அசலா?"

பாயின்ட் விவரம் உண்மை, லிங்க் யாருடையது என்று இன்னும் தெரியாது. ஆப்பிலேயே பாயின்ட்டை எடுத்துவிடுங்கள் அக்கா. அந்த லிங்க்கை அனுப்பியவர் பெயரோடு சேர்த்து வங்கிக்கு அனுப்பிக் கேளுங்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.