இரவில் திருத்திய அறிக்கைகள்

"என் அணியில் இருப்பவர் என்னைவிட மூத்தவர், அவர் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன்: 'உங்கள் அலட்சியத்தை இனியும் பொறுக்க முடியாது. விரைவில் திருந்தாவிட்டால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' படித்தால் எனக்கே சுடுகிறது. அவர் பிழைகளை ஜூலையிலிருந்து நானே இரவில் உட்கார்ந்து திருத்தி அனுப்புகிறேன், அது வேறு விஷயம். கெடுவும் விளைவும் குறையாமல் இதை மென்மையாக்குவது எப்படி?"

அது எப்படி வேறு விஷயம் ஆகும்? உங்கள் கணக்கில் அவர் மூன்று மாதமாகத் தவறு செய்கிறார். அவர் கணக்கில் எல்லா அறிக்கையும் ஒழுங்காகப் போயிருக்கிறது. தூக்கம் கெட்ட கோபத்தைத்தான் 'அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரை நேரில் உட்கார வைத்து, திருத்திய அறிக்கைகளைக் காட்டுங்கள். கடிதம் அதற்குப் பிறகு.

இன்னொன்று. உங்கள் பத்தி சுடுகிறதே தவிர எதையும் சொல்லவில்லை. 'விரைவில்' என்றால் அடுத்த வாரமா, அடுத்த வருடமா? 'கடும் நடவடிக்கை' என்றால் இடமாற்றமா, வேலையே போய்விடுமா? ஒரு குடும்பத்தைத் தாங்குகிறவருக்கு அந்தத் தேதி தெரிந்தாக வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டும், கடனைப் பார்க்க வேண்டும், வேறு வேலை தேட வேண்டும். அதை மங்கலாக வைப்பதைக் கருணை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆளைப் பற்றிய சொற்களை எடுத்துவிட்டு, நடந்ததை எண்ணி எழுதுங்கள். எண்களை உங்கள் கோப்பைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஜூலை முதல் செப்டம்பர் வரை நீங்கள் தந்த 13 வார அறிக்கைகளில் 7 அறிக்கைகளில் கூட்டுத்தொகை தவறாக இருந்தது. உங்களிடம் சொல்லாமல் நானே திருத்தினேன்; இனி திருத்த மாட்டேன். அக்டோபர் 10 முதல் நவம்பர் 14 வரையிலான 6 அறிக்கைகளில் குறைந்தது 5 அறிக்கைகள், வெள்ளி மாலை 5 மணிக்குள், கூட்டுத்தொகையில் பிழையின்றி வர வேண்டும். புதன்தோறும் அரை மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து சரிபார்க்கிறேன். நவம்பர் 17 அன்று இருவரும் முடிவைப் பார்ப்போம். 5 அறிக்கைகள் சரியாக வந்திராவிட்டால் அன்றே பணிநீக்க நடவடிக்கை தொடங்கும்."

மென்மை எங்கே இருக்கிறது பாருங்கள்: உங்கள் தவறை ஒப்புக்கொண்ட வரியிலும், அந்தப் புதன்கிழமையிலும். கடைசி வரியில் கை வைக்காதீர்கள். 'தொடங்க நேரிடலாம்', 'முடிந்தவரை முயலவும்' என்று ஒன்று நுழைந்தாலும் கெடு கரைந்துவிடும். 'உங்கள் உழைப்பை மதிக்கிறோம்' என்று நடுவில் செருகவும் வேண்டாம். பயந்த மனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பணிநீக்கம் செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று மனிதவளத் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன், விஷயம் தெரிந்த மனிதவளத் துறைக்காரர் ஒருவரை ஒரு முறை படிக்கச் சொல்லி, தாளை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை அறிக்கை, தவறினால் என்ன? மூன்றையும் அவர் தடுமாறாமல் சொன்னால் அனுப்பலாம்.

அப்புறம், இன்றிரவு அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள்.