குளோரின் வாடை அடிக்கும் குளத்தில் கர்ப்பிணி இறங்கலாமா?

கேள்வி: எனக்கு 5 மாதம் முடிந்துவிட்டது. முதுகுவலிக்கு நீச்சல் நல்லது என்கிறார்கள். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. குழந்தையைப் பாதிக்குமா? வெந்நீர்க் குளம் வைத்திருக்கும் சென்டரில் சேரட்டுமா?

பதில்: நீந்தலாம். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பெரும்பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். முதுகு இளகும், கால் வீக்கமும் வடியும். வெளியே வந்ததும் அடிக்கடி சிறுநீர் வந்தால் பயப்படாதீர்கள். தண்ணீரின் அழுத்தம் செய்யும் வேலை அது.

வாடை விஷயத்துக்கு வருவோம். சரியாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் அந்தக் காரநெடி வருகிறது. அதாவது, கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோயிருக்கலாம். கண் எரிந்தாலோ தொண்டை கரகரத்தாலோ அன்றைக்கு இறங்காதீர்கள்.

பராமரிப்பவரிடம் குளோரின் அளவை எழுதும் நோட்டை மட்டும் கேட்டுப் பயனில்லை. ஒரு குளத்தில் நான் கேட்டபோது மறுநாள் தேதிக்கும் சேர்த்தே "2.0" என்று எழுதி வைத்திருந்தார்கள்! உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் தண்ணீரை மஞ்சளாக்கும் சொட்டு மருந்தைக் காட்டுவார்கள். அது தீர்ந்துபோன குளோரினையும் சேர்த்தே காட்டும். தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி சோதனையைக் கேளுங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருந்தால் சரி. ஆழமான பக்கத்தில் அடித்தள ஜல்லடை தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் அசோசியேஷன்காரர்கள் செய்ய வேண்டும், கர்ப்பிணி ஏன் துப்பறிய வேண்டும் என்பது வேறு கதை.

சென்டரில் சேர அவசரப்பட வேண்டாம். பயிற்சிக்குத் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உடம்பு சூடேறினால் குழந்தைக்கு நல்லதல்ல. தெர்மாமீட்டரைக் காட்ட மறுத்துவிட்டு "நார்மல் டெலிவரி கியாரண்டி" என்று பேக்கேஜ் விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த கியாரண்டியை 30 வருடம் பிரசவம் பார்க்கும் என்னாலேயே தர முடியாது.

ரத்தப்போக்கு, கர்ப்பப்பை வாயில் தையல், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் குளமே வேண்டாம். இடுப்பு முன்னெலும்பில் வலி இருந்தால் தவளைபோல் காலை விரித்து உதைக்காதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீந்தி வந்தபின் எல்லாமே ஈரம், பனிக்குட நீர் கசிந்தாலும் தெரியாது. குளித்து, துடைத்து, உலர்ந்த உள்ளாடையில் வெள்ளை நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். நனைந்திருந்தால் முகர்ந்து பாருங்கள். சிறுநீர் வாடை இல்லாமல், இருமும்போதும் எழும்போதும் மேலும் கசிந்தால் அந்த நாப்கினோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியானாலும் சரி, "காலையில் ஓ.பி.க்கு வாங்க" என்று யார் சொன்னாலும் திரும்பாதீர்கள்.