மோட்டார் நின்றாலும் பிரஸ் நிற்காது

கேள்வி: எங்கள் பிரஸ் ஷாப் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சின்னச் சின்னக் காட்சிகள், கடைசியில் வினாடி வினா. ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

ஹெல்மெட்டில் ஆரம்பித்துத் தீயணைப்பான் வரை எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் அடைக்காதீர்கள். நான் முதலில் எழுதியது அப்படித்தான். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அடுத்த முறை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன்: தகட்டை அடித்து வெட்டுகிற, பெடல் வைத்த பழைய கீ கிளட்ச் பிரஸ்.

இதில் மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால், கிளட்ச் பிடித்து, மேலிருந்து அடிக்கும் ராம் இறங்கிவிடும். கிளட்ச் ஒருமுறை பிடித்தால் முழுச் சுற்று முடியாமல் விடாது, நடுவில் நிறுத்த வழியில்லை.

முதல் காட்சி இதுதான். டையில் பீஸ் சிக்கிக்கொள்கிறது. ஆபரேட்டர் மோட்டாரை அணைத்துவிட்டு உடனே கையை நீட்டுகிறார். கேமரா ஃப்ளைவீலுக்குப் போகிறது, அப்புறம் பெடல் பக்கம் நகரும் காலுக்கு. அங்கேயே படத்தை உறைய வையுங்கள். ரத்தம் காட்டினால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தப்பு எங்கே நடந்தது என்பதைப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு அதே காட்சி, சரியான முறையில். ஃப்ளைவீல் முழுசாக நிற்பதைக் கண்ணால் பார்க்கிறார். மெயினை அணைத்துத் தன் பூட்டைப் போடுகிறார். ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைக்கிறார், ஏனென்றால் பிரேக் தளர்ந்திருந்தால் ராம் தன் எடையிலேயே இறங்கக்கூடும். பீஸை இடுக்கியால்தான் எடுக்கிறார்.

இரண்டாவது காட்சி ஷிஃப்ட் மாறும் நேரம். டை மாட்டும் செட்டர் பிரஸ்ஸில் வேலையாக இருக்கிறார். புதிதாக வந்தவர் மெயின் பக்கம் போகிறார்.

"அண்ணே, மெயின் ஆஃப்ல இருக்கே, போடட்டுமா?"

"பூட்டு தொங்குது பாரு தம்பி. சாவி என் பைல."

வசனம் இவ்வளவு போதும். எங்கள் ஷாப்பில் ஒடிசா, பீகார் ஆட்களும் இருந்தார்கள். கையும் பூட்டும் தெளிவாகத் தெரிந்தாலே அவர்களுக்குப் புரிந்தது.

படம் எடுக்கும்போது ஒரு கவனம். ஃப்ளைவீல் சுற்றும் ஷாட்டையும் கை டைக்குள் போகும் ஷாட்டையும் தனித்தனியாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டுங்கள். கை உள்ளே போகும் ஷாட்டுக்கு முன்னால் பூட்டும் பிளாக்கும் நிஜமாகவே போட்டிருக்க வேண்டும்.

வினாடி வினாவுக்கு மூன்று கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் உறைந்த படம் ஒன்று.

1. மோட்டார் ஆஃப், ஃப்ளைவீல் மெதுவாகச் சுற்றுகிறது. பீஸை எடுக்கலாமா?
2. பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்: சூப்பர்வைசர், வேலை செய்பவர், சுவரில் உள்ள ஆணி?
3. பெடலை ஒருமுறைதான் மிதித்தீர்கள், ராம் இரண்டு முறை இறங்கியது. அடுத்து என்ன செய்வீர்கள்?

முதல் இரண்டையும் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். மூன்றாவதற்குப் பலர், அதுவும் அனுபவசாலிகள், "இன்னொரு தடவை மிதிச்சுப் பார்ப்பேன்" என்றார்கள். கிளட்ச் கீயோ அதன் ஸ்பிரிங்கோ உடைந்திருக்கலாம், பிரேக் தேய்ந்திருக்கலாம். அந்த பிரஸ்ஸை அப்போதே நிறுத்திப் பூட்டிவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டும். அடுத்த பதிப்பில் அதையே மூன்றாவது காட்சியாகச் சேர்த்தேன்.